அந்த 40 சதவீதம் எங்கிருந்து வந்தது?

வாசகி கேள்வி

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் விடுவிக்கும் வேலை எனக்கு. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற டிசம்பரில் செல்ஃப் அப்ரைசலைக் கடைசி நாள் இரவு உட்கார்ந்து எழுதினேன். ‘நிலுவை பில்களை 40 சதவீதம் குறைத்தேன்’ என்று போட்டிருந்தேன். மேனேஜர் ரிப்போர்ட்டைத் திறந்து 25 என்று காட்டினார். ‘அதிலும் மூன்று பேர் உழைப்பு இருக்கிறதே’ என்றார். எண்கள் இவைதான்: ஜனவரியில் 640 பில் நிலுவை, ஆகஸ்டில் 800, டிசம்பரில் 480. அவர் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியதாகத்தான் எனக்குப் பட்டது.

பில்லை நிறுத்தி வைக்கும்போது சப்ளையருக்குத் தகவல் சொல்வதில்லை என்று என்னிடம் இரண்டு முறை எடுத்துச் சொன்னாராம். எனக்கு அப்படி ஒரு நினைவே இல்லை. முதல் ஆறு மாதங்களில் நான் செய்தது எதுவும் பேச்சிலேயே வரவில்லை. ரேட்டிங் நடுவில் நின்றுவிட்டது.

இந்த ஆண்டு ஏமாறக் கூடாது என்று ஜனவரியில் தினமும் ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் நின்றுபோனது. இப்போது செப்டம்பர். முக்கியமான மெயில்களை என் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்கலாமா? மேனேஜர் பேசுவதை ஃபோனில் பதிவு செய்யலாமா? வாரம் ஒருமுறை எழுதினால் போதும் என்கிறாள் தோழி. எதை எழுதுவது, எதை விடுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பணிவாழ்வு ஆலோசகர் பதில்

அன்புள்ள வாசகி,

உங்கள் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 800-லிருந்து 480-க்கு வந்தால் குறைந்தது 320. அது 800-இல் சரியாக 40 சதவீதம். 640-லிருந்து 480-க்கு வந்தால் குறைந்தது 160. அது 25 சதவீதம். நீங்கள் பொய் எழுதவில்லை, அவரும் குறைத்துக் காட்டவில்லை. நீங்கள் ஆகஸ்டிலிருந்து அளந்தீர்கள், அவர் ஜனவரியிலிருந்து அளந்தார், அவ்வளவுதான். ஆகஸ்டில்தான் வேலை கழுத்தை நெரித்திருக்கும், சப்ளையர்களின் போன் ஓயாமல் அடித்திருக்கும். அதனால் அந்த 800 மனத்தில் பதிந்துவிட்டது. ஜனவரியின் 640 சத்தமில்லாமல் வந்து போன எண், அது நினைவில் நிற்க ஒரு காரணமும் இல்லை.

அப்ரைசல் ஓர் ஆண்டுக்கானது என்பதால் அவர் கணக்குதான் படிவத்துக்குப் பொருந்தும். ஆனால் 640 எப்படி 800 ஆனது, அந்த ஏற்றம் எப்போது நின்றது, அதை நிறுத்த நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற விவரம் உங்களிடம்தான் இருந்திருக்க வேண்டும். 25 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வேலை அதுதான். அந்த அறையில் அது பேசப்படாமல் போனதற்கு மேனேஜரின் உள்நோக்கத்தைத் தேட வேண்டியதில்லை. எடுத்துச் சொல்ல உங்கள் கையில் எதுவும் இல்லை, நினைவுபடுத்திக்கொள்ள அவர் கையிலும் எதுவும் இல்லை.

மூன்று பேர் உழைப்பு என்று அவர் சொன்னதும் உறுத்தியிருக்கும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூற்றுக்கு மேல் போனது. அவரவர் செய்தது அவரவருக்குக் கண்ணெதிரே நடந்தது, மற்றவர் செய்தது பாதி கண்ணிலேயே படவில்லை. உங்கள் பிரிவின் மூவரையும் தனித்தனியாகக் கேட்டாலும் இதேதான் நடக்கும். பங்கை நேர்மையாகச் சொல்ல நல்ல மனம் மட்டும் போதாது, யார் எதைச் செய்தார் என்ற குறிப்பு அந்தந்த வாரத்திலேயே இருக்க வேண்டும்.

நாளுக்கு ஒரு வரி, வாரத்துக்குக் கால் மணி நேரம்

தோழி சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ-ரெமி பிரிவில் ஃபோர்மேன்களை மூன்று குழுவாகப் பிரித்து, தொழிலாளர் வேலையில் குறிப்பிடத்தக்கதாக நடந்தவற்றை, நல்லதோ கெட்டதோ, எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு குழு தினமும் எழுதியது. இன்னொரு குழு வாரம் ஒருமுறை. மூன்றாவது குழு இரண்டு வாரம் முடிந்ததும் ஒரேயடியாக. தினமும் எழுதியவர்கள் தந்தவை 315 நிகழ்வுகள், வாரம் ஒருமுறை எழுதியவர்கள் 155, இரண்டு வாரம் கழித்து எழுதியவர்கள் 63.

அவர்கள் எழுதியது பிறர் வேலையைப் பற்றி, நீங்கள் எழுதப்போவது உங்கள் வேலையைப் பற்றி. ஆகவே அதே விகிதம் உங்களுக்கும் அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வெறுங்கையோடு உட்கார்ந்தால் திங்களும் செவ்வாயும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும் என்பது மட்டும் நிச்சயம். ஆண்டு முடிவில் உட்கார்ந்தால் என்ன மிஞ்சும் என்று சென்ற டிசம்பரிலேயே பார்த்துவிட்டீர்கள்.

தினமும் ஒரு பக்கம் என்பது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது பெரும்பாலும் யாருக்கும் ஒத்துவராது. எனவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். தினமும் எழுதுவது கொக்கி மட்டும். சிஸ்டத்தை மூடுமுன் ஒரு வரி, வாக்கியம்கூட வேண்டாம். ‘பிஓ இல்லாத 14 பில், பர்ச்சேஸோடு பேச்சு’ என்றால் போதும். சொல்லும்படி ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கோடு. வாரக் கடைசியில் அந்த ஐந்து கொக்கிகளையும் பார்த்து, கால் மணி நேரத்தில் உருப்படியான பதிவாக எழுதுங்கள். கால் மணி நேரத்தைத் தாண்டினால் தேவைக்கு மேல் எழுதுகிறீர்கள் என்று பொருள்.

வெள்ளி மாலை வேண்டாம் என்பவர்கள் உண்டு, அவர்களுக்குத் திங்கள் காலை. ஆனால் ஏதாவது ஒரு நேரம் காலண்டரில் மீட்டிங் போலக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்த பதிவு, வேலை அதிகமான மாதத்தில்தான் முதலில் நிற்கும். அப்ரைசலில் பேசவேண்டிய மாதமும் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் ஆகஸ்டே சாட்சி.

ஒரே வாரம், இரண்டு விதமாக

எதை எழுதுவது என்ற கேள்விக்கு ஒரு வாரத்தையே எழுதிக் காட்டுகிறேன். இது நானாகக் கற்பனை செய்தது, உங்கள் வேலைக்குப் பொருந்தும்படி. முதலில், பலர் எழுதும் விதம்:

‘மிகவும் பிஸியான வாரம். நிலுவை பில்களில் கடுமையாக உழைத்தேன். பர்ச்சேஸ் டீமோடு நல்ல ஒத்துழைப்பு. மேனேஜர் பாராட்டினார்.’

டிசம்பரில் இதைப் படித்தால் உங்களுக்கே ஒன்றும் விளங்காது. எந்த பில், எத்தனை, பாராட்டியது எதற்காக, ஒன்றும் இல்லை. இதே வாரம் இப்படியும் இருக்கலாம்:

*செப்டம்பர் 2-ஆம் வாரம்*
*செய்தது:* பிஓ எண் இல்லாமல் வரும் பில்களுக்கு ஒரு செக்லிஸ்ட் போட்டு, பர்ச்சேஸுக்கு அனுப்பினேன்.
*எண்:* திங்கள் காலை நிலுவை 712, வெள்ளி மாலை 688. (நிலுவை ரிப்போர்ட், 30 நாளுக்கு மேற்பட்டவை மட்டும்.)
*உடன் இருந்தவர்கள்:* சப்ளையர்களுக்கு போன் செய்தது சக ஊழியர் அ. பர்ச்சேஸில் 9 பில்லுக்கு பிஓ போட்டுத் தந்தவர் ஆ. செக்லிஸ்ட் என்னுடையது.
*வந்த கருத்து:* மேனேஜர், புதன், டீம் மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது: ‘செக்லிஸ்ட் நல்லாருக்கு. ஆனா ஹோல்டுல போடறதுக்கு முன்னாடி சப்ளையர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.’
*அதற்கு நான்:* வியாழன் முதல் ஹோல்டு போடும் அன்றே மெயில். இந்த வாரம் 6-இல் 5-க்கு அனுப்பினேன், ஒன்று விட்டுப்போனது.

ஐந்தே வரிகள். இதில் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எந்த ரிப்போர்ட்டிலிருந்து, எதைச் சேர்த்து, எதை விட்டு எடுத்த எண் என்பது அது. நிலுவை என்று நீங்கள் எண்ணுவது 30 நாளைத் தாண்டியவை, மேனேஜர் எண்ணுவது எல்லாமும் என்றால், இருவரும் மறுபடியும் இரண்டு வேறு எண்களோடு எதிரெதிரே உட்காருவீர்கள். எந்த அளவை ஆண்டு முழுவதும் பயன்படுத்தப்போகிறோம் என்று அவரிடமே ஒருமுறை கேட்டு, பதிவின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே ஆண்டின் தொடக்க எண்ணும் தேதியும் இருக்கட்டும். சென்ற ஆண்டு ‘ஜனவரி, 640’ என்று ஒரு வரி இருந்திருந்தால் டிசம்பர் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

எல்லா வேலையிலும் இப்படி எண் கிடைக்காது. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழக்கிக் கொடுத்தது, தணிக்கைக்காரர் கேட்ட காகிதத்தை ஒரே நாளில் தேடித் தந்தது இவற்றுக்கெல்லாம் வலிந்து சதவீதம் கண்டுபிடிக்காதீர்கள். முன்பு எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது, யாருக்கு அது பயன்பட்டது என்று மூன்று துண்டாக எழுதினால் போதும். ‘புதியவர் மூன்றாவது வாரத்திலிருந்து என்னைக் கேட்காமலே பில் பாஸ் செய்கிறார்’ என்ற வரி, செயற்கையாகப் போட்ட 30 சதவீதத்தைவிடக் கனமானது.

ஒன்றும் நடக்காத வாரம் வரும். அதைக் காலியாக விட்டு, காரணம் மட்டும் எழுதுங்கள்: லீவு, சிஸ்டம் மாற்றம், வேறு பிரிவுக்கு உதவி. வேறு பிரிவுக்கு உதவிய வாரங்கள் டிசம்பரில் யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் எண்கள் அந்த மாதம் ஏன் சரிந்தன என்பதற்கு அந்த ஒரு வரிதான் விடை சொல்லும்.

சொன்னதையும் புரிந்துகொண்டதையும் கலக்காதீர்கள்

இரண்டு முறை சொன்னதாக அவர் சொல்கிறார், உங்களுக்கு நினைவில்லை. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெரும்பாலான ஃபீட்பேக் ‘இதோ உங்களுக்கு ஒரு ஃபீட்பேக்’ என்று அறிவித்துக்கொண்டு வருவதில்லை. மீட்டிங் முடிந்து எழுந்திருக்கும்போது, மெயிலின் கடைசி வரியில், ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பிறகு வரும். மேலே காட்டிய வாரத்தில் ‘செக்லிஸ்ட் நல்லாருக்கு’ என்பது நெஞ்சில் தங்கும், ‘ஆனா’வுக்குப் பின்னால் வந்தது நழுவிவிடும். சொன்னவருக்கோ அந்த இரண்டாம் பாதிதான் சொல்ல வந்த விஷயம்.

ஆகவே கருத்தை, வந்த அன்றே, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ‘நான் சப்ளையர்களை மதிப்பதில்லை என்கிறார்’ என்று எழுதினால் அது உங்கள் கோபம், அவர் சொன்னது அல்ல. அவர் சொன்னது ஹோல்டு போடுமுன் தகவல் சொல்லுங்கள் என்பது மட்டும். சொன்ன சொல்லை எழுதிய பிறகு, வேண்டுமானால் தனி வரியில் ‘எனக்குப் பட்டது’ என்று உங்கள் மனத்தில் இருப்பதை எழுதுங்கள். சில மாதம் கழித்துப் படிக்கும்போது இந்த இரண்டு வரிக்கும் உள்ள தூரம் உங்களுக்கே சில சமயம் சிரிப்பாக இருக்கும்.

பாராட்டை மட்டும் எழுதும் பதிவால் பயனில்லை என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஒரே குறை இரண்டாவது முறை வந்தால் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். மூன்றாவது முறை வருமுன் அதற்கு ஏதாவது செய்து, அதையும் எழுதுங்கள். டிசம்பரில் மேனேஜர் சப்ளையர் விஷயத்தைத் தொடும்போது, ‘இரண்டு முறை சொன்னீர்கள். அதன் பிறகு ஹோல்டு போட்ட பில்களில் எத்தனைக்கு அன்றே மெயில் போனது என்று கணக்கு வைத்திருக்கிறேன்’ என்று உங்களால் சொல்ல முடியும். குறையே இல்லாத ஆண்டைவிட, குறை வந்து சரிசெய்யப்பட்ட ஆண்டை அப்ரைசல் அறையில் இருப்பவர்கள் எளிதில் நம்புவார்கள்.

பாராட்டு மெயில் வந்தால் முழுவதையும் நகல் எடுக்க வேண்டாம். யாரிடமிருந்து, எந்தத் தேதி, மெயிலின் தலைப்பு என்ன என்பது போதும். தேவைப்படும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம்.

சொந்த மெயிலும் ஃபோன் ரெக்கார்டிங்கும்

இரண்டும் வேண்டாம்.

அலுவலக மெயில்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவது பல நிறுவனங்களில் தகவல் பாதுகாப்பு விதியை மீறுவதாகும். உங்கள் வேலையில் சப்ளையர்களின் வங்கிக் கணக்கு, விலை, ஒப்பந்தம் எல்லாம் அந்த மெயில்களுக்குள் இருக்கும். இப்படி வெளியே போகும் மெயில்களைக் கவனிக்கும் மென்பொருள் பல இடங்களில் இருக்கிறது. பிறகு எப்போதாவது உங்களுக்கு நியாயமான குறை ஒன்று வந்து முறையிட்டாலும், பேச்சு உங்கள் குறையை விட்டுவிட்டு உங்கள் மீறலின் பக்கம் திரும்பிவிடும்.

பேச்சைப் பதிவு செய்வது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பேசுபவர்களில் ஒருவரின் ஒப்புதல் போதும் என்ற இடங்கள் உண்டு, எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்ற இடங்களும் உண்டு. சட்டம் இடம் கொடுத்தாலும் நிறுவனத்தின் விதி தடுக்கலாம். இவை எல்லாவற்றையும் தாண்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ரகசியமாகப் பதிவு செய்ததை அப்ரைசல் பேச்சில் எடுத்து வைத்தால், அந்த நிமிடத்திலிருந்து அவர் உங்களிடம் மனம் விட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். உங்களுக்கு வேண்டியதே அவர் நினைப்பது என்ன என்று டிசம்பருக்கு முன்னால் தெரிவதுதானே?

அதற்கு மாற்று மிக எளியது. முக்கியமாக ஏதாவது பேசினால் அன்றே மூன்று வரி மெயில்: ‘இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: ஹோல்டு போடும் முன் சப்ளையருக்குத் தகவல் போக வேண்டும். இந்த வாரம் முதல் அப்படியே செய்கிறேன். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.’ இது வெளிப்படையானது, தேதியிட்டது, தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்த அவருக்கும் இடம் தருகிறது. எல்லாப் பேச்சுக்கும் இதை அனுப்பினால் எரிச்சல்தான் வரும். இலக்கு மாறும்போதும் குறை சொல்லப்படும்போதும் மட்டும் போதும்.

பதிவை எங்கே வைப்பது? அலுவலகம் உங்களுக்கென்று கொடுத்திருக்கும் இடத்தில், அலுவலகக் கணினியிலேயே வைப்பதை நான் விரும்புவேன். அங்கே இருப்பதை நிறுவனம் பார்க்க முடியும், வேலையை விட்டுப் போனால் அது உங்கள் கைக்கு வராது. இந்த இரண்டையும் தெரிந்தே வையுங்கள். சொந்த நோட்டில் எழுத விரும்பினால் சப்ளையர் பெயர், தொகை, சக ஊழியர் பெயர் எதுவும் வேண்டாம், ‘அ’, ‘ஆ’ போதும். எங்கே வைத்தாலும் சரி, மேனேஜர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாலும் நெளியாமல் இருக்கும்படி எழுதுங்கள். மற்றவர் தவறுகளைச் சேர்த்து வைக்கும் இடம் அதுவல்ல.

விதிவிலக்கு ஒன்று உண்டு. துன்புறுத்தல், பாகுபாடு, பழிவாங்கல் போன்றவை நடந்தால் அந்தக் குறிப்பு தனி. தேதி, நேரம், இடம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் என்று தனியே எழுதி, உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் அதை எப்படிச் சுருக்குவது

ஐம்பது வாரப் பதிவை அப்படியே தூக்கிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் நான்கு வாரத்தையும் படித்து, பேசத் தகுந்த ஒன்றிரண்டை மட்டும் குறியிடுங்கள். அவற்றை ஐந்தாறு வரியில் மேனேஜருக்கு அனுப்பவும் செய்யலாம், சில மேனேஜர்களுக்கு அது பிடிக்கும், முதலில் கேட்டுவிடுங்கள். அவருக்கும் உங்களைப் போலக் கடைசி இரண்டு மாதங்கள்தான் பளிச்சென்று நினைவிருக்கும். முதல் ஆறு மாத வேலை பேச்சில் வராமல் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

படிவம் எழுதும் நாளில் பதிவிலிருந்து தொடங்காதீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்த இலக்குகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் குறியிட்ட வரிகளைக் கொண்டுவந்து வையுங்கள். ஏதாவது ஓர் இலக்கின் கீழ் ஒரு வரியும் இல்லை என்றால் அது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எந்த இலக்கின் கீழும் சேராத வரிகள் நிறைய இருந்தால், உங்கள் வேலையே நடுவில் மாறிவிட்டது என்று பொருள், அதைப் பேச்சில் முதலில் எடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டின் வரியை, ஒருவேளை பதிவு இருந்திருந்தால், எப்படி எழுதியிருக்கலாம் என்று பாருங்கள்: ‘நிலுவை பில் ஜனவரியில் 640, டிசம்பரில் 480, ஆண்டுக்கு 25 சதவீதம் குறைவு. இடையில் ஆகஸ்டில் 800 வரை ஏறியது. மூவர் சேர்ந்து செய்த வேலை இது. இதில் என் பங்கு:’ என்று தொடங்கி, நீங்கள் செய்ததைப் பெயர் சொல்லி எழுதலாம். 40 என்ற எண் இதில் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டைத் திறந்து மறுக்க ஒரு சொல்லும் இதில் இல்லை. ‘நான்’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பதிவின் ‘உடன் இருந்தவர்கள்’ வரியை ஒருமுறை பாருங்கள்.

இதனால் ரேட்டிங் ஏறுமா என்று கேட்பீர்கள். அதற்கு நான் உறுதி சொல்ல முடியாது. பல நிறுவனங்களில் மேனேஜர் போடும் ரேட்டிங்கை மற்றப் பிரிவுகளோடு வைத்துப் பார்த்து மேலேயோ கீழேயோ நகர்த்துகிறார்கள், அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அங்கே உங்களுக்காகப் பேசவேண்டியவர் மேனேஜர். அவர் கையில் சரியான நான்கு வரி இருப்பதை மட்டுமே உங்களால் உறுதி செய்ய முடியும். முடிவு ஒப்பவில்லை என்றால் கையெழுத்துப் போடுமுன் படிவத்தில் ஊழியர் கருத்துக்கான இடம் இருக்கிறதா, மறுபரிசீலனை கேட்க எத்தனை நாள் அவகாசம் என்று பாருங்கள். கையெழுத்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கா, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கா என்று படிவத்தில் படித்துப் பார்த்து, தெளிவில்லை என்றால் கேட்டு, உங்கள் மறுப்பைத் தேதியோடு அங்கேயே எழுதுங்கள். சென்ற ஆண்டு ரேட்டிங்கைப் பொறுத்தவரை, அந்த அவகாசம் அநேகமாக முடிந்திருக்கும். 25-ஐ எதிர்த்து வாதாட உங்களுக்குக் காரணமும் இல்லை.

போன எட்டு மாதங்கள்

ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை நினைவிலிருந்து எழுத முயலாதீர்கள், மறுபடியும் 800-தான் வரும். அனுப்பிய மெயில்கள், காலண்டர், மாதாந்திர நிலுவை ரிப்போர்ட் மூன்றையும் திறந்து வைத்து, மாதத்துக்குக் கால் மணி நேரம் என்று இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சாட்சி கிடைத்ததை மட்டும் எழுதுங்கள். ஜனவரியில் மூன்று வாரம் எழுதிய பக்கங்களும் இப்போது பயன்படும், தூக்கிப் போட்டுவிடவில்லையே? இப்படிச் சேர்த்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘செப்டம்பரில் எழுதியது’ என்று போடுங்கள். அன்றே எழுதியதுபோலத் தேதியை மாற்றி வைத்தால், அது ஒருமுறை தெரியவந்தாலும் மீதிப் பதிவையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு மாதத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை என்றால் அந்த மாதம் காலியாகவே இருக்கட்டும்.

அது முடிந்ததும் மேனேஜரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். அப்ரைசல் என்ற சொல்லே வேண்டாம். மூன்று கேள்விகள்: நிலுவையை எந்த ரிப்போர்ட்டை வைத்து அளப்போம், இந்த ஆண்டின் தொடக்க எண் எது, சப்ளையர் தகவல் விஷயம் இப்போது உங்களுக்குத் திருப்தியா. அவர் சொல்லும் பதிலை, அவர் சொல்லிலேயே, அன்று மாலை முதல் பதிவாக எழுதிவிடுங்கள்.